கூட்டறிக்கையிலிருந்து வேலைத்தாள்: பாடசாலைக் குழுவின் தீர்மானங்களைப் பிரித்தெடுக்கும் முறை

பாடசாலை முகாமைத்துவக் குழுவின் கூட்டம் முடிந்த மறுநாள் காலையில், நான்கைந்து பக்கக் கூட்டறிக்கையின் பிரதி ஒன்று அலுவலகத்து முகாமைத்துவ உதவியாளரின் மேசைக்கு வந்து சேரும். அதில் இறைவணக்கம் முதல் நன்றியுரை வரை எல்லாம் இருக்கும். யார் தாமதமாக வந்தார், யார் எதற்குக் கவலை தெரிவித்தார் என்பதும் இருக்கும். அலுவலகத்துக்குத் தேவையானவை அதற்குள் மூன்று மட்டுமே. குழு எதைத் தீர்மானித்தது, எவ்வளவு பணத்தை எந்த நிதியிலிருந்து எந்த நிபந்தனையுடன் அனுமதித்தது, அதன் பின்னர் யார் எதைச் செய்ய வேண்டும் என்பவையே அவை. இம்மூன்றையும் கூட்டறிக்கையிலிருந்து பிரித்து ஒரே தாளில் எழுதுவதைத்தான் இங்கே சுருக்கம் என்கிறேன். பாடசாலை அலுவலகங்களில் இதனை வேலைத்தாள் என்று அழைப்பவர்களும் உண்டு. அப்பெயரே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

புதிதாக இவ்வேலையைத் தொடங்குபவர்கள் நீண்ட அறிக்கையைக் குறுக்கி எழுதுவதே சுருக்கம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஐந்து வரியை இரண்டு வரியாக்குவது இங்கே பயன்படாது. கூட்டறிக்கையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசப்பட்ட ஒழுங்கில் இருப்பதை, செய்து முடிக்க வேண்டிய ஒழுங்கில் மாற்றி வைப்பதே வேலை. அதற்கு முதலில் பார்க்க வேண்டியது வாக்கியத்தின் கடைசிச் சொல்லையாகும்.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதனால், ஒரு விடயம் முடிவாயிற்றா இல்லையா என்பது கடைசிச் சொல்லை வாசிக்கும் வரை தெரிவதில்லை. "நூலகத்துக்குப் புதிய அலுமாரி இரண்டு வாங்குவது பற்றி" என்று தொடங்கும் வாக்கியம் "பேசப்பட்டது" என்று முடிந்தால் அங்கே தீர்மானம் எதுவும் இல்லை. "ஆராயப்பட்டது", "சுட்டிக்காட்டப்பட்டது", "வலியுறுத்தப்பட்டது" என்பனவும் அவ்வாறே. "தீர்மானிக்கப்பட்டது", "அங்கீகரிக்கப்பட்டது", "அனுமதி வழங்கப்பட்டது" என்று முடிந்தால் அது தீர்மானம். இவற்றுக்கிடையே, இரண்டு பக்கமும் சாயக்கூடிய சில சொற்கள் உள்ளன. "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்பது அவற்றுள் மிகவும் வில்லங்கமானது. ஒரு கருத்து சரியானது என்று ஏற்றுக்கொள்வதும், ஒரு செலவைச் செய்வதற்கு ஏற்றுக்கொள்வதும் அதே சொல்லாலேயே எழுதப்படுகின்றன.

நான் முகாமைத்துவ உதவியாளராகச் சேர்ந்த முதலாவது ஆண்டில் இந்தச் சொல்லிலேயே இடறினேன். ஒலிபெருக்கித் தொகுதி ஒன்று அவசியம் என்பதை "சபையோர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர்" என்று அறிக்கையில் இருந்தது. அதனைத் தீர்மானம் என்று எழுதி, கொள்வனவுக் கட்டளைக் கடிதத்தையும் தட்டச்சு செய்துவிட்டேன். ஒப்பத்துக்காகப் பொருளாளரிடம் கொண்டுபோனபோதுதான், தொகை எதுவும் அங்கே பேசப்படவேயில்லை என்று அவர் சொன்னார். கடிதம் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், பொருள் வந்திறங்கிய பின்னர் காசோலை எழுத அதிகாரம் இல்லாத நிலை ஏற்பட்டிருக்கும். அன்றிலிருந்து, தொகையும் நிதியின் பெயரும் இல்லாத "ஏற்றுக்கொள்ளப்பட்டது" எதனையும் செலவுக்கான அனுமதியாக நான் எழுதுவதில்லை.

சிக்கலின் வேர் கூட்டம் நடக்கும் இடத்திலேயே இருக்கிறது. மட்டக்களப்புப் பக்கத்துக் கூட்டங்களில் எவரும் "இதனை அங்கீகரிக்கிறோம்" என்று பேசுவதில்லை. "அதுக்கென்ன, செய்வம்" என்பார்கள். அல்லது "பாப்பம்" என்பார்கள். "செய்வம்" என்பது பெரும்பாலும் சம்மதம். "பாப்பம்" என்பது அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்பதாகவும் இருக்கலாம், இது வேண்டாம் என்பதை மரியாதையாகச் சொல்வதாகவும் இருக்கலாம். செயலாளர் இரண்டையும் எழுத்துத் தமிழுக்குக் கொண்டுவரும்போது, "பாப்பம்" என்பது "பரிசீலிக்கப்படும்" என்று மாறிவிடுகிறது. அச்சொல்லைக் கண்டால் சுருக்கம் எழுதுபவர் அதனைத் தீர்மானத்திலும் சேர்க்கக் கூடாது, தள்ளிவிடவும் கூடாது. ஒத்திவைத்தவை என்று தனியாக ஒரு பகுதி வைத்து அங்கே எழுத வேண்டும். மூன்று பகுதிகள் போதும் என்று கூறப்படும் இத்தாளில் நான் நான்காவதாக ஒன்றை வலிந்து சேர்ப்பது இதற்காகவே. அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சிநிரலைத் தயாரிக்கும்போது முதலில் எடுத்துப் பார்ப்பதும் இந்தப் பகுதியைத்தான்.

இனி ஒரு கூட்டறிக்கையை எடுத்து, இதனைச் செய்து பார்ப்போம். மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் உள்ள ஒரு பாடசாலையில் செப்டெம்பர் 12, வெள்ளிக்கிழமை பிற்பகல் கூட்டம் நடந்ததாக வைத்துக்கொள்ளலாம். பாடசாலையும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவை. வாக்கியங்கள் நமது கூட்டறிக்கைகளில் வழக்கமாக எழுதப்படும் பாங்கிலேயே உள்ளன.

விடயம் 3: "கடந்த கூட்டத்தில் அங்கீகரிக்கப்பட்ட தளபாடத் திருத்த வேலைகள் நிறைவடைந்துள்ளதாகவும், அதற்கென ஒதுக்கப்பட்ட 45,000 ரூபாவில் 6,200 ரூபா மீதமுள்ளதாகவும் பொருளாளர் அறிக்கையிட்டார்."

விடயம் 4: "தரம் 6 வகுப்பறைக் கட்டடத்தின் ஓட்டுக்கூரை ஒழுகுவது தொடர்பாக ஆராயப்பட்டது. மாரிமழைக்கு முன்னர் இதனைத் திருத்த வேண்டும் எனப் பெற்றோர் பிரதிநிதி ஒருவர் வலியுறுத்தினார். இதற்கு ஏறத்தாழ 85,000 ரூபா தேவைப்படும் என அதிபர் குறிப்பிட்டார். மூன்று விலைமனுக்களைப் பெற்று, அவற்றுள் குறைந்ததைத் தெரிவுசெய்து, 80,000 ரூபாவுக்கு மேற்படாதவாறு அபிவிருத்திச் சங்க நிதியிலிருந்து செலவிட ஏகமனதாக அங்கீகரிக்கப்பட்டது. இது தொடர்பாக ஆவன செய்யப்படும்."

விடயம் 5: "தவணைப் பரீட்சைக்கு முன்னர் நிழற்பிரதி இயந்திரத்தை அவசரமாகத் திருத்தியமைக்காக அதிபரால் செலுத்தப்பட்ட 14,500 ரூபாவுக்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது."

விடயம் 6: "5,000 லீற்றர் கொள்ளளவுடைய நீர்த்தாங்கி ஒன்றை வழங்கப் பழைய மாணவர் சங்கம் விருப்பம் தெரிவித்துள்ளமை மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்கான கொங்கிறீற்று அடித்தளம் அமைக்கும் செலவு குறித்துப் பின்னர் பரிசீலிக்கப்படும்."

விடயம் 7: "ஒக்டோபர் 4, சனிக்கிழமை சிரமதானம் நடத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. பிரதேச சபையிடம் உழவு இயந்திரம் ஒன்று கோரப்படுவதுடன், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்கப்படும்."

நான்காவது விடயத்திலேயே நீண்ட நேரம் செலவிட வேண்டியுள்ளது. ஆகவே அதனையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் ஐந்து வாக்கியங்கள் உள்ளன. முதலாவது "ஆராயப்பட்டது" என்றும், இரண்டாவது "வலியுறுத்தினார்" என்றும், மூன்றாவது "குறிப்பிட்டார்" என்றும் முடிகின்றன. ஆகவே இம்மூன்றும் பேச்சு. நான்காவது மட்டுமே தீர்மானம். அங்கே இரண்டு தொகைகள் கண்ணில் படுகின்றன: 85,000, 80,000. முதலாவது தொகை அதிபர் சொன்ன உத்தேச மதிப்பு. இரண்டாவது குழு வகுத்த உச்ச எல்லை. அவசரத்தில் வாசிப்பவர் முதலில் கண்ட தொகையைப் பிடித்துக்கொண்டு "கூரைத் திருத்தத்துக்கு 85,000 ரூபா அனுமதி" என்று எழுதிவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால், 83,000 ரூபாவுக்கு வந்த விலைமனுவை அலுவலகம் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆண்டிறுதியில் கணக்காய்வின்போது 3,000 ரூபா அனுமதியின்றிச் செலவிடப்பட்டதாக வெளிப்படும்.

நிபந்தனைகளும் அந்த ஒரே வாக்கியத்துக்குள்ளேயே, வினைமுற்றுக்கு முன்னர், வினையெச்சங்களாக ஒளிந்திருக்கின்றன. "பெற்று", "தெரிவுசெய்து", "மேற்படாதவாறு" என்ற மூன்று சொற்களும் மூன்று நிபந்தனைகள். தமிழில் வாக்கியம் நீளும்போது இப்படித்தான் வேலைகள் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. ஆகவே சுருக்கம் எழுதும்போது அந்தக் கோவையை அவிழ்த்து, ஒவ்வொரு எச்சத்தையும் தனித்தனி வாக்கியமாக எழுதிப் பார்ப்பது நல்லது. மூன்று விலைமனுக்கள் பெறப்பட வேண்டும். அவற்றுள் குறைந்தது தெரிவுசெய்யப்பட வேண்டும். தொகை 80,000 ரூபாவைத் தாண்டக் கூடாது. இவற்றுள் ஒன்று தவறினாலும் அனுமதி இல்லை என்பதே அந்த வாக்கியத்தின் பொருள்.

ஆகவே நிதி அனுமதிப் பகுதியில் நான்காம் விடயம் இவ்வாறு எழுதப்படும்: "விடயம் 4, பக்கம் 37. தரம் 6 கட்டடக் கூரைத் திருத்தம். உச்ச எல்லை 80,000 ரூபா (எண்பதாயிரம்). நிதி: அபிவிருத்திச் சங்கம். நிபந்தனை: மூன்று விலைமனுக்கள், குறைந்த விலை. நிலை: அனுமதிக்கப்பட்டது, செலவிடப்படவில்லை." கூட்டறிக்கைப் புத்தகத்தின் பக்க எண்ணைச் சேர்ப்பதை எவரும் தவிர்க்கக் கூடாது. வேலைத்தாள் கூட்டறிக்கைக்குப் பதிலான ஆவணமன்று. பணம் செலுத்துவதற்கான உறுதிச்சீட்டுடன் இணைக்கப்படுவதும், கணக்காய்வாளர் கேட்பதும் மூல அறிக்கைதான். சந்தேகம் எழும்போது அதே பக்கத்தைத் திறந்து காட்டக் கூடியதாக இருந்தால், தாளில் யார் என்ன எழுதினார் என்ற வாக்குவாதமே எழாது. தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுவதற்கும் காரணம் உண்டு. கையெழுத்துப் பிரதியில் ஒரு சுழியம் கூடுவதும் குறைவதும் எளிது.

நிலை என்ற அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாடசாலைகளில் முகாமைத்துவக் குழுவும் அபிவிருத்திக் குழுவும் வெவ்வேறானவை. ஆனால் சில பாடசாலைகளில் ஒரே மண்டபத்தில், ஏறத்தாழ அதே முகங்களுடன் இரண்டும் கூடுவதனால், எந்தக் கூட்டத்தின் அறிக்கை கையில் இருக்கிறது என்பதே புதியவருக்குப் புரிவதில்லை. முகாமைத்துவக் குழு ஒரு செலவைத் தீர்மானித்திருந்தாலும், அந்த நிதியை விடுவிக்கும் அதிகாரம் அபிவிருத்திக் குழுவிடமோ வலயக் கல்வி அலுவலகத்திடமோ இருக்குமாயின், முன்னையதன் தீர்மானம் பரிந்துரை மட்டுமே. அதனால் நிலை என்ற இடத்தில் முதலில் நான் மூன்று சொற்களில் ஒன்றையே எழுதுவேன்: அனுமதிக்கப்பட்டது, பரிந்துரைக்கப்பட்டது, செலவான பின் அனுமதிக்கப்பட்டது. எந்தச் சுற்றுநிருபத்தின்படி அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அதிபரிடம் ஒருமுறை கேட்டு, சுற்றுநிருப இலக்கத்தை வேலைத்தாளின் தலைப்பிலேயே எழுதி வைத்தால், அடுத்தடுத்த கூட்டங்களில் அதே கேள்வியைத் திரும்பவும் கேட்க வேண்டியிராது.

மூன்றாவது சொல்லுக்கு எடுத்துக்காட்டு ஐந்தாம் விடயம். நிழற்பிரதி இயந்திரத்துக்கான 14,500 ரூபா ஏற்கெனவே அதிபரின் கைப்பணத்திலிருந்து செலவாகிவிட்டது. "அங்கீகாரம் வழங்கப்பட்டது" என்ற முடிவு நான்காம் விடயத்தின் முடிவைப் போலவே தோன்றினாலும், அலுவலகத்துக்கு அதனால் வரும் வேலை வேறு. விலைமனு எதுவும் பெற வேண்டியதில்லை. திருத்துநர் கொடுத்த சிட்டையையும், பணம் செலுத்தியதற்கான பற்றுச்சீட்டையும் சேகரித்து, அதிபருக்கு மீளச் செலுத்துவதற்கான உறுதிச்சீட்டைத் தயாரிக்க வேண்டும். சிட்டையின் திகதி கூட்டத்தின் திகதிக்கு முந்தியதாக இருப்பதில் தவறில்லை. "செலவான பின்" என்று தாளிலும் உறுதிச்சீட்டிலும் எழுதியிருந்தால் போதும். அறிக்கையில் எந்த நிதியிலிருந்து மீளச் செலுத்துவது என்பது குறிப்பிடப்படவில்லை. இதனை ஊகித்து நிரப்பக் கூடாது. "நிதி: செயலாளரிடம் கேட்க வேண்டும்" என்று எழுதி, அன்றே கேட்டு, வெளிவந்த பதிலை அடுத்த கூட்டத்தில் அறிக்கை உறுதிப்படுத்தப்படும்போது திருத்தமாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் விடயம் வெறும் அறிக்கையிடல். "அறிக்கையிட்டார்" என்பதே முடிவு. ஆயினும் அதில் உள்ள 6,200 ரூபாவை வேலைத்தாளில் எழுதாமல் விட்டால் இரண்டு வாரத்தில் அதற்கு வில்லங்கம் வரும். அது எவ்வாறு என்பதைக் கீழே காணலாம். இப்போதைக்கு, "தளபாடத் திருத்தம்: அனுமதி 45,000, செலவு 38,800, மீதி 6,200, மீதியைப் பயன்படுத்த அனுமதி எதுவும் இல்லை" என்று எழுதி வைப்போம்.

ஆறாம் விடயத்தில் "ஏற்றுக்கொள்ளப்பட்டது" மீண்டும் வருகிறது. இங்கே அது உண்மையான தீர்மானமே. ஏனெனில் ஏற்கப்பட்டது ஒரு நன்கொடை. பாடசாலைப் பணம் வெளியே போகாததால் நிதி அனுமதிப் பகுதியில் இதற்கு இடமில்லை. தீர்மானப் பகுதியில் ஒரு வரியும், கடமைப் பகுதியில் இரண்டு வரிகளும் போதும்: பழைய மாணவர் சங்கத்துக்கு ஏற்புக் கடிதம் அனுப்புதல்; தாங்கி வந்து சேர்ந்ததும் நன்கொடைப் பதிவேட்டிலும் பொருட்பதிவேட்டிலும் பதிதல். அடித்தளச் செலவு "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்பதனால் ஒத்திவைத்தவை பகுதிக்குப் போகும். ஆனால் அங்கே போட்டுவிட்டு மறந்தால், ஒருநாள் காலையில் லொறியில் தாங்கி வந்து நிற்கும், இறக்கி வைக்க இடம் இருக்காது. 5,000 லீற்றர் நீர் நிரம்பினால் நீர் மட்டுமே ஐந்து தொன் எடை. மணற்பாங்கான நிலத்தில் அடித்தளம் இல்லாமல் அதனை வைக்க முடியாது. ஆகவே ஏற்புக் கடிதத்திலேயே, அடித்தளம் ஆயத்தமான பின்னர் திகதி அறிவிக்கப்படும் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாமா என்று அதிபரிடம் கேட்குமாறு கடமைப் பகுதியில் நான் எழுதுவேன். இது கூட்டறிக்கையில் இல்லாத யோசனை. அதனால் அடைப்புக்குறிக்குள் "அலுவலகக் குறிப்பு" என்று அடையாளமிட்டே எழுத வேண்டும். குழு சொன்னதும் எழுதுபவர் நினைத்ததும் ஒரே குரலில் கலந்துவிடக் கூடாது.

அடுத்து, கடமைகள். நான்காம் விடயத்தின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள்: "இது தொடர்பாக ஆவன செய்யப்படும்." யார் செய்வார்? எதைச் செய்வார்? எப்போது? செயப்பாட்டு வினையில் எழுதிப் பழகிய நமது அலுவலகத் தமிழ், செய்பவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகிறது. தனிப்பட்ட எவரையும் சுட்டாமல் பொதுவாக எழுதுவது மரியாதை என்று கருதப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். கூட்டறிக்கைக்கு அது பொருந்தும், வேலைத்தாளுக்குப் பொருந்தாது. கடமைப் பகுதியில் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் செய்வினையில், ஒரு பதவியை எழுவாயாகக் கொண்டு, ஒரு திகதியுடனும், முடிந்ததைக் காட்டும் ஒரு பொருளுடனும் இருக்க வேண்டும். ஆளின் பெயரை விடப் பதவியை எழுதுவதையே நான் விரும்புகிறேன். இடமாற்றம் வந்தால் பெயர் போய்விடும், கடமை இருக்கும்.

திகதியை எவ்வாறு தீர்மானிப்பது? அறிக்கையில் இருப்பது "மாரிமழைக்கு முன்னர்" என்பது மட்டுமே. மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை நவம்பரில் வலுக்கத் தொடங்கும். அதற்கு முன்னரும் ஒக்டோபரில் பிற்பகல் இடிமழை உண்டு. ஆகவே ஒக்டோபர் நடுப்பகுதியைக் கடைசி எல்லையாக வைத்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். பிள்ளைகள் இல்லாத சனி, ஞாயிறு நாட்களில்தான் ஓட்டைப் பிரித்து வேலை செய்யலாம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னராவது வேலைக் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கு முன்னர் விலைமனுக்களைத் திறக்க வேண்டும். அதற்கு முன்னர் கடைகளுக்கும் கொந்தராத்துக்காரருக்கும் நாலைந்து நாள் கொடுக்க வேண்டும். இவ்வாறு எண்ணிய பின்னர் கடமைப் பகுதி இப்படி அமையும்:

"முகாமைத்துவ உதவியாளர் செப்டெம்பர் 15, திங்கட்கிழமை களுவாஞ்சிகுடியிலுள்ள மூவருக்கு விலைமனு கோரும் கடிதங்களை அனுப்புவார், சான்று: கடிதப் பிரதிகள், கோவையில். முகாமைத்துவ உதவியாளர் விலைமனுக்களைச் செப்டெம்பர் 19 பிற்பகல் 1.30 வரை மூடிய உறையில் ஏற்பார். பொருளாளரும் பிரதி அதிபரும் செப்டெம்பர் 22, திங்கட்கிழமை அவற்றைத் திறந்து ஒப்பிட்டு, ஒப்பீட்டுத் தாளில் ஒப்பமிடுவார்கள். கொந்தராத்துக்காரர் வேலையை ஒக்டோபர் 12க்குள் முடிப்பார். பிரதி அதிபர் ஒக்டோபர் 13 காலையில் கூரையைப் பார்வையிட்டு வேலை நிறைவைக் கையெழுத்திட்டு உறுதிப்படுத்திய பின்னரே முகாமைத்துவ உதவியாளர் உறுதிச்சீட்டைத் தயாரிப்பார்."

இத்திகதிகளைக் குழு சொல்லவில்லை, அலுவலகம் முன்வைக்கிறது. அதனால் வேலைத்தாள் அதிபரின் ஒப்பம் பெற்ற பின்னரே நடைமுறைக்கு வரும். ஒப்பம் பெறும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் பல தவறுகள் பிடிபடுகின்றன. கூட்டத்தில் இருந்தவர் அவர், எழுதியவர் பெரும்பாலும் இருக்கவில்லை.

ஏழாம் விடயத்துக்கு அதிக விளக்கம் தேவையில்லை. தீர்மானம் சிரமதானம், நிதி எதுவுமில்லை, கடிதங்கள் இரண்டு. உழவு இயந்திரம் தேவைப்படும் நாளுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னராவது பிரதேச சபைக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதனால் செப்டெம்பர் 17ஐக் குறிப்பேன். எரிபொருளுக்கு யார் பணம் கொடுப்பது என்று அறிக்கையில் இல்லை என்பதையும் ஒரு கேள்வியாகச் சேர்ப்பேன். சிரமதானத்தன்று காலையில் சாரதி அதைத்தான் முதலில் கேட்பார்.

இப்போது செப்டெம்பர் 22க்கு வருவோம். மூன்று உறைகளும் திறக்கப்பட்டன. விலைகள் 96,000, 91,500, 84,300. குறைந்தது 84,300, எல்லையைவிட 4,300 ரூபா அதிகம். அங்கே இருப்பவர்களில் ஒருவர் நிச்சயம் சொல்வார்: "தளபாடக் காசில 6,200 கிடக்குதானே, அதில போடுவம்." கணக்குப் பார்த்தால் அது சரி, 80,000உடன் 6,200ஐக் கூட்டினால் 86,200, கூரை முடிந்து மீதியும் இருக்கும். இரண்டும் ஒரே சங்கத்தின் வங்கிக் கணக்கில் கிடக்கும் பணமாகவும் இருக்கலாம். ஆனால் 45,000 ரூபா தளபாடத்துக்கென அனுமதிக்கப்பட்டது. அதன் மீதியைக் கூரைக்கு மாற்றக் குழு எங்கும் சொல்லவில்லை. மூன்றாம் விடயத்தின் கீழ் "மீதியைப் பயன்படுத்த அனுமதி எதுவும் இல்லை" என்று எழுதி வைத்த வரி இந்த நேரத்துக்காகவே எழுதப்பட்டது. முகாமைத்துவ உதவியாளர் பெரியவர்களோடு வாதிட வேண்டியதில்லை. தாளைத் திருப்பிக் காட்டினால் போதும்.

அடுத்துச் செய்ய வேண்டியது, அன்றே அதிபருக்கு மூன்று வரியில் ஒரு குறிப்பு: பெறப்பட்ட விலைகள், எல்லை, மேலதிகமாகத் தேவைப்படும் 4,300 ரூபா. வழிகள் இரண்டு உண்டு. வேலையைக் குறைத்து எல்லைக்குள் கொண்டுவரலாம். ஆனால் அப்போது மூன்று பேரிடமும் அந்தக் குறைந்த வேலைக்கே மீண்டும் விலை கேட்க வேண்டும், ஒருவரோடு மட்டும் பேசித் தீர்ப்பது ஏனையோருக்கு நியாயமாகாது. அல்லது குழுவைக் குறுகிய கூட்டத்துக்கு அழைத்து எல்லையை உயர்த்தலாம். மழை நெருங்குவதால் நமது எடுத்துக்காட்டில் அதிபர் இரண்டாவதைத் தெரிவுசெய்கிறார். செப்டெம்பர் 26, வெள்ளிக்கிழமை கூடிய குழு, "தளபாடத் திருத்த ஒதுக்கீட்டின் மீதியிலிருந்து 4,300 ரூபாவைச் சேர்த்து, கூரைத் திருத்தத்துக்கு 84,300 ரூபா வரை செலவிட" அங்கீகரிக்கிறது.

இதன் பின்னர் வேலைத்தாளில் 80,000ஐ வெட்டி 84,300 என்று எழுதிவிடுவது பலருக்கும் இயல்பாகத் தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. பழைய வரி அப்படியே இருக்க, அதன் நிலையில் "செப்டெம்பர் 26 தீர்மானத்தால் மாற்றப்பட்டது" என்று எழுதி, புதிய வரியைத் தனியாகப் புதிய பக்க எண்ணுடன் சேர்க்க வேண்டும். தளபாட மீதியும் 6,200இலிருந்து 1,900 ஆகக் குறைவதைத் தனி வரியில் காட்ட வேண்டும். காசோலை எழுதப்படும் நாளில் உறுதிச்சீட்டுடன் இணைக்க வேண்டியவை செப்டெம்பர் 12, 26 ஆகிய இரண்டு கூட்டறிக்கைகளின் சான்றுப்படுத்திய பகுதிகள், மூன்று விலைமனுக்கள், ஒப்பீட்டுத் தாள், வேலைக் கட்டளை, பிரதி அதிபரின் நிறைவுக் கையெழுத்து, கொந்தராத்துக்காரரின் சிட்டை ஆகியவை. பணம் பெற்றதற்கான பற்றுச்சீட்டு கைக்கு வந்து, காசேட்டில் பதிவு விழுந்த பின்னரே நான்காம் விடயத்தின் நிலை "முடிந்தது" என்று மாறும்.

வேலைத்தாளை எப்போது எழுதுவது என்ற கேள்வி எப்போதும் எழும். கூட்டறிக்கை அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டு உறுதிப்படுத்தப்படும் வரை அது வரைவுதான் என்பது சரி. ஆனால் அதற்காக ஒரு மாதம் காத்திருந்தால் கூரை மழையில் நனைந்துவிடும். எனவே வரைவிலிருந்தே எழுதி, தாளின் தலைப்பில் "உறுதிப்படுத்தப்படாத அறிக்கையின்படி" என்று குறித்துக்கொள்ள வேண்டும். அறிக்கை உறுதிப்படுத்தப்படும்போது திருத்தம் ஏதும் சொல்லப்பட்டால், அது வேலைத்தாளின் எந்த வரியைத் தொடுகிறது என்று அன்றே பார்த்துத் திருத்தி, அந்தக் குறிப்பை நீக்கிவிடலாம். ஐந்தாம் விடயத்தில் விடுபட்ட நிதியின் பெயர் எழுதப்படுவதும் அந்த நேரத்தில்தான். அதுவரை அதிபரின் 14,500 ரூபாவுக்கான உறுதிச்சீட்டு, சிட்டையும் பற்றுச்சீட்டும் இணைக்கப்பட்டபடி கோவையிலேயே இருக்கும்.